வைவாவுக்குப் பிறகு: போஸ்ட்டாக்கா, கம்பெனியா?

கரிம வேதியியலில் பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருப்பவரிடம் அடுத்து என்ன என்று கேட்டுப் பாருங்கள். "போஸ்ட்டாக் தேடிக்கிட்டு இருக்கேன்" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். கேட்பவர்கள் அதைத் திட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு அது திட்டமே இல்லை. முடிவெடுப்பதை இரண்டு வருடம் தள்ளிவைக்க ஒரு கௌரவமான வழி. வீட்டுக்கும் சொல்லிக்கொள்ளலாம், வெளிநாடும் பார்த்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், அந்த இரண்டு வருடத்தில் பேராசிரியர் வேலைக்கான கதவும் மருந்துக் கம்பெனிக்கான கதவும் ஒரே வேகத்தில் மூடுவதில்லை. எது எப்போது மூடுகிறது என்று தெரிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.

வேதியியலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் பிஎச்.டி. படித்தவரை அந்தப் படிப்புக்காகவே வேலைக்கு எடுக்கும் தனியார் துறைகள் சில மட்டுமே. மருந்துத் துறை அவற்றில் முக்கியமானது. ஹைதராபாதிலும் பெங்களூரிலும் இருக்கும் ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனங்களில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். ஆகவே இங்கே கேள்வி வெறும் கற்பனையாக இல்லை; இரண்டு பக்கமும் உண்மையிலேயே வேலை இருக்கிறது.

வயதிலிருந்து தொடங்குவோம். ஒரு மாணவர் 22 வயதில் எம்.எஸ்சி. முடிக்கிறார். ஜே.ஆர்.எஃப். தேர்வில் இரண்டாவது முறை தேறி, கைடு கிடைத்து, 23 அல்லது 24 வயதில் பதிவு செய்கிறார். முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் பிறகு எஸ்.ஆர்.எஃப். ஆகி 42,000 ரூபாயும் வருகிறது. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் விகிதம். உதவித்தொகை மொத்தம் ஐந்து ஆண்டுகள். ஆய்வோ ஐந்தரை ஆண்டு இழுக்கிறது. கடைசி ஆறு மாதம் கையில் பணமில்லாமல் தீசிஸ் எழுதுவது நம் லேப்களில் புதிதல்ல. தீசிஸ் சமர்ப்பித்து, தேர்வாளர்களின் அறிக்கை வந்து, வைவா முடியும்போது அவருக்கு 29 நடக்கிறது.

இந்த 29ஐ மனதில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சிப் பக்கம் இருக்கும் வாசல்களைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை தரும் இன்ஸ்பயர் ஃபேகல்டி திட்டம் இளம் ஆய்வாளர்களின் பெரிய கனவு. ஐந்து ஆண்டுகள், மாதம் 1,25,000 ரூபாய், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 7 லட்சம். பொதுப் பிரிவில் வயது வரம்பு 32. சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. நம் மாணவர் 29 வயதில் போஸ்ட்டாக் போனால், அங்கே முதல் பேப்பர் வெளிவர ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு முயற்சி, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. தேர்வானாலும் அது நிரந்தர வேலை இல்லை. ஐந்து ஆண்டுக்குள் இருக்கும் நிறுவனத்திலோ வேறெங்கோ பணியிடம் பிடித்தாக வேண்டும்.

ஐ.ஐ.டி.களில் லெவல் 12 சம்பளத்தில், அதாவது 1,01,500 ரூபாய் அடிப்படையில், உதவிப் பேராசிரியராகச் சேர பிஎச்.டி.க்குப் பிறகு மூன்றாண்டு அனுபவம் கேட்கிறார்கள். 35 வயதுக்குள் இருந்தால் நல்லது என்று விளம்பரங்களில் எழுதும் வழக்கமும் உண்டு. வேதியியலில் அந்த மூன்றாண்டு என்பது நடைமுறையில் நல்ல குழுவொன்றில் போஸ்ட்டாக் என்றே பொருள்படும். நேர்காணலில் அவர்கள் தேடுவது ஒன்றுதான்: உங்கள் கைடின் ஆராய்ச்சியிலிருந்தும் போஸ்ட்டாக் கைடின் ஆராய்ச்சியிலிருந்தும் பிரிந்து நிற்கும், உங்களுக்கே உரிய ஒரு கேள்வி. பத்து பேப்பர் இருந்தும் அந்தக் கேள்வி இல்லாதவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

மாநிலப் பல்கலைக்கழகமோ மத்தியப் பல்கலைக்கழகமோ என்றால் கணக்கே வேறு. நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்ய யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. நம் மாணவரை அதில் வைத்துப் பார்ப்போம். பி.எஸ்சி.யில் 75 சதவீதம்: 13 மதிப்பெண். எம்.எஸ்சி.யில் 72 சதவீதம்: 23. பிஎச்.டி.க்கு 30. ஜே.ஆர்.எஃப்.க்கு 7. பேப்பர் ஒன்றுக்கு 2, ஆனால் உச்சவரம்பு 10; ஐந்தாவது பேப்பரோடு மீட்டர் நின்றுவிடும். ஆக, போஸ்ட்டாக் போகாமலே அவர் 83 வாங்குகிறார். வெளிநாட்டில் இரண்டு ஆண்டு போஸ்ட்டாக் செய்துவிட்டு வந்தால் ஆண்டுக்கு 2 வீதம் 4 கூடி 87 ஆகும். அதே இரண்டு ஆண்டு ஏதாவது ஒரு கல்லூரியில் முறையாகப் பாடம் எடுத்திருந்தாலும் அதே 4 கிடைத்திருக்கும். இந்த மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டுமே. தேர்வு நேர்காணலை வைத்துத்தான். 2025 ஜனவரியில் யு.ஜி.சி. வெளியிட்ட வரைவு விதிகள் இந்த மதிப்பெண் முறையையே மாற்ற முன்வந்தன. எனவே விளம்பரம் வரும்போது எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, "ஆராய்ச்சிப் பக்கம் போகிறேன்" என்ற சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று பொருந்தாத பாதைகள் அடங்கியிருக்கின்றன. ஐ.ஐ.டி., ஐசர் போன்ற இடங்கள் குறி என்றால் போஸ்ட்டாக் தவிர்க்க முடியாதது. சொந்த மாவட்டத்துப் பல்கலைக்கழகமோ அரசுக் கல்லூரியோ குறி என்றால், இரண்டு வருடம் குளிரில் காலம் ஓட்டித் திரும்புவதால் காகிதத்தில் கிடைப்பது மிகக் குறைவு. அங்கே காத்திருப்புதான் பெரிய செலவு. அந்தக் காத்திருப்பைக் கௌரவ விரிவுரையாளராகக் கழித்தவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019இலேயே சொல்லிவிட்டது. அது கைக்கு வருகிறதா என்பது வேறு கதை. 2023 ஜூலையில் வந்த திருத்தத்துக்குப் பிறகு உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது செட் போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை. முனைவர் பட்டம் முடித்தவர் இப்போது அது இல்லாதவரோடும் ஒரே வரிசையில் நிற்கிறார்.

கம்பெனிப் பக்கம் போவோம். "இண்டஸ்ட்ரி" என்று மொத்தமாகப் பேசுவதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. வேதியியல் முனைவருக்கு அங்கே பெரும்பாலும் இரண்டு மேசைகள் காத்திருக்கின்றன. இரண்டும் இரண்டு வேறு தொழில்கள்.

முதலாவது, மெடிசினல் கெமிஸ்ட்ரி. ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் இது பெரும்பாலும் வாடிக்கையாளருக்குச் செய்துகொடுக்கும் வேலை. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் ஒரு கம்பெனி, ஒரு வேதியியலாளருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி ஒரு குழுவையே வாடகைக்கு எடுக்கிறது. செய்ய வேண்டிய மூலக்கூறுகளின் பட்டியல் அங்கிருந்து வரும். நீங்கள் ஒவ்வொன்றையும் சில மில்லிகிராம் செய்து, தூய்மையைப் பரிசோதித்து, அனுப்பிவைப்பீர்கள். வாரத்துக்கொரு முறை கான்ஃபரன்ஸ் கால். அந்த மூலக்கூறு எந்த நோய்க்கு, உடம்பில் எந்தப் புரதத்தைக் குறிவைக்கிறது, பரிசோதனையில் என்ன ஆனது என்பதெல்லாம் பல திட்டங்களில் உங்களுக்குச் சொல்லப்படாது. ஐந்து ஆண்டு ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுத ஒருவருக்கு இந்த இருட்டுதான் முதலில் உறுத்தும். ஆனால் ஒன்று: பிஎச்.டி.யில் ஐந்து ஆண்டில் பார்த்திராத அளவு வினைகளை இங்கே ஓர் ஆண்டில் கை பார்த்துவிடும்.

இரண்டாவது, பிராசஸ் கெமிஸ்ட்ரி. மூலக்கூறு ஏற்கெனவே தெரியும். அதைக் கிலோக் கணக்கில், பாதுகாப்பாக, மலிவாக, ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி. இதை மட்டமாக நினைக்கும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், வேதியியலின் கடினமான கேள்விகள் சில இங்கேதான் இருக்கின்றன.

ஓர் உதாரணம். ஆய்வேட்டில் ஒரு வினை 92 சதவீத ஈல்டில் நடந்திருக்கிறது: சோடியம் ஹைட்ரைடு, டி.எம்.எஃப். கரைப்பான், 50 மில்லிகிராம் அளவு, கடைசியில் சிலிக்கா காலம் ஓட்டித் தூய்மை. பேப்பரும் வந்துவிட்டது. கம்பெனி நேர்காணலில் இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் சாதாரணமாகக் கேட்பார்: "இதையே ஒரு கிலோ செய்யணும்னா எதை மாத்துவீங்க?" மெக்கானிசத்தைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தவர்களும் இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

கேள்வியின் ஆழம் இதுதான். நூறு மில்லி ஃபிளாஸ்க்கிலிருந்து ஆயிரம் லிட்டர் ரியாக்டருக்குப் போனால் கொள்ளளவு பத்தாயிரம் மடங்கு ஆகிறது. ஆனால் வடிவம் மாறாமல் பெரிதாக்கினால் வெளிப்பரப்பு ஏறத்தாழ 460 மடங்கு மட்டுமே கூடும். அதாவது ஒவ்வொரு லிட்டருக்கும் சூட்டை வெளியேற்றக் கிடைக்கும் பரப்பு இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. ஃபிளாஸ்க்கில் ஐஸ் வைத்து ஐந்து நிமிடத்தில் ஊற்றிய பொருளை, ரியாக்டரில் பல மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட வேண்டியிருக்கும். அத்தனை நேரம் அந்தக் கலவை கெடாமல் தாங்குமா என்பது புதிய ஆராய்ச்சிக் கேள்வி. ஃபிளாஸ்க்கில் அது எழவே இல்லை. சோடியம் ஹைட்ரைடு ஹைட்ரஜன் வாயுவை விடும். அதை டி.எம்.எஃப்.உடன் சேர்த்துச் சூடேற்றினால் வெப்பம் கட்டுமீறி ஓடக்கூடும் என்பது விபத்துகள் கற்றுக்கொடுத்த பாடம். காலம் ஓட்டுவது கிலோ அளவில் கட்டுப்படியாகாது. படிகமாக்கியே தூய்மை செய்ய வேண்டும். ரொட்டேவாப்பில் சுற்றி உலர்த்துவதுபோல ரியாக்டரில் உலர்த்த முடியாது. கலக்கியின் இலை அடிமட்டத்துக்கு எட்டாது.

இத்தனைக்கும் பிறகு தூய்மை. லேபில் என்.எம்.ஆர். சுத்தமாக இருந்தால் கதை முடிந்தது. மருந்து மூலப்பொருளில் அப்படி இல்லை. ஒரு நாளைக்கு 2 கிராம் வரை உட்கொள்ளும் மருந்தில், ஓர் அசுத்தம் 0.10 சதவீதத்தைத் தாண்டினாலே அது எந்த மூலக்கூறு என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்கிறது ஐ.சி.எச். வழிகாட்டுதல்; ஒரு நாளைக்கு உடம்புக்குள் போகும் அளவைப் பொறுத்து வரம்பு இன்னும் இறுகவும் செய்யும். புற்றுநோயைத் தூண்டக்கூடிய அசுத்தங்களுக்கு வரம்பு மைக்ரோகிராம் கணக்கில், சிலவற்றுக்கு அதற்கும் கீழே. 2018இல் வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மருந்து பல நாடுகளில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம். உற்பத்தி முறையில் செய்த ஒரு மாற்றத்தால் என்.டி.எம்.ஏ. என்ற நைட்ரோசமைன் உருவாகி, வழக்கமான பரிசோதனைகளுக்குத் தப்பி மருந்தோடு போய்விட்டது. எந்த வினைக்கலவையில் எது பிறக்கும் என்று முன்கூட்டியே யோசிக்கத் தெரிந்த ஆள்தான் இங்கே தேவை. அது பிஎச்.டி. தரும் பயிற்சியேதான். படிப்பு வீணாகிறது என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

இந்தியாவில் இந்த இரண்டு உலகமும் ஒரு காலத்தில் இவ்வளவு விலகியிருக்கவில்லை. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர், சென்னையில் பிறந்த சாயவேதியியல் அறிஞர் கே. வெங்கட்டராமன். அவரிடம் ஆய்வு செய்த ஏ.வி. ராமா ராவ் பின்னாளில் ஹைதராபாத் ஐ.ஐ.சி.டி.யின் இயக்குநரானார். எய்ட்ஸ் மருந்தான ஏ.இசட்.டி.யைத் தயாரிக்கும் முறை அவர் காலத்தில் அங்கே உருவாகி சிப்லாவுக்குப் போனது. ஓய்வுபெற்ற பிறகு அவரே அவ்ரா லேபரட்டரீஸ் என்ற கம்பெனியையும் தொடங்கினார். அதே புனே ஆய்வகத்தில் 1969இல் முனைவர் பட்டம் முடித்த அஞ்சி ரெட்டி, அரசு நிறுவனமான ஐ.டி.பி.எல்.லில் வேலை பார்த்துவிட்டு 1984இல் டாக்டர் ரெட்டீஸைத் தொடங்கினார். ஆனால் இவர்களை முன்னுதாரணமாக வைத்து "எப்போது வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம்" என்று இன்று முடிவெடுக்கக் கூடாது. இன்றைய விதிகள் வேறு.

கம்பெனியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப வழி இருக்கிறதா? காகிதத்தில் இருக்கிறது. இணைப் பேராசிரியர் பதவிக்கு எட்டாண்டு அனுபவம் வேண்டும். அது தொழில்துறை ஆராய்ச்சியாகவும் இருக்கலாம் என்று 2018 விதிகளே ஒத்துக்கொள்கின்றன. முட்டுக்கட்டை அடுத்த வரியில் இருக்கிறது: அங்கீகரிக்கப்பட்ட இதழ்களில் ஏழு பேப்பர்கள். ஒப்பந்த ஆராய்ச்சியில் நீங்கள் செய்வது வாடிக்கையாளரின் சொத்து. அதைப் பேப்பராக எழுத முடியாது. காப்புரிமையில் உங்கள் பெயர் வரலாம், வராமலும் போகலாம். ஆக பிஎச்.டி.யில் நான்கு பேப்பரோடு கம்பெனிக்குப் போனவர் எட்டாண்டு கழித்தும் நான்கு பேப்பரோடுதான் இருப்பார். யு.ஜி.சி. 2022இல் கொண்டுவந்த "பேராசிரியர், நடைமுறை" என்ற ஏற்பாடு பதினைந்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கானது. அதுவும் குறிப்பிட்ட கால ஒப்பந்தம்.

எதிர்த்திசையில், போஸ்ட்டாக் முடித்துக் கம்பெனிக்குப் போவது இதைவிட எளிது, ஒரு கட்டம் வரைக்கும். ஒன்று இரண்டு ஆண்டு போஸ்ட்டாக் செய்தவரைக் கம்பெனிகள் விரும்பியே எடுக்கும். ஐந்தாறு ஆண்டு, மூன்று நாடு என்று சுற்றிவிட்டு வந்தவரைக் கண்டால் தயங்கும். புதிதாகச் சேர்பவரின் படியில் அவரை வைக்க முடியாது. குழுத் தலைவர் படியில் வைக்கத் தொழில் அனுபவம் போதாது. அதனால் போஸ்ட்டாக் போகிறவர், இரண்டாம் ஆண்டின் நடுவில் தன்னிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: முதல் ஆசிரியராக என் பெயரில் ஒரு கையெழுத்துப்படியாவது எழுதும் நிலைக்கு வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் மூன்றாம் ஆண்டு நீட்டிப்பு வாங்குவதால் ஐ.ஐ.டி. பக்கத்துக்குப் பெரிய லாபமில்லை. கம்பெனிப் பக்கம் நட்டம் தொடங்கிவிடும்.

கம்பெனியில் சேர்ந்தவருக்கும் இதுபோல ஓர் அடையாளம் உண்டு. இரண்டு ஆண்டு கழிந்தும் அதே மாதிரி இடைநிலைப் பொருள்களையே செய்துகொண்டிருக்கிறார், ஒரு ஸ்கேல்-அப்புக்குக்கூட பிளான்ட் பக்கம் அனுப்பப்படவில்லை, வாடிக்கையாளர் காலில் பேசவிடப்படவில்லை என்றால், அவர் பிஎச்.டி. விலையில் எம்.எஸ்சி. வேலை செய்துகொண்டிருக்கிறார். வேலை மாறும்போது சம்பளத்தைவிட "என்னை எந்தத் துறையில் போடுவீர்கள், அந்தக் குழுவில் வினை வழியைத் தீர்மானிப்பவர் யார்" என்று கேட்பது பலன் தரும். முதல் வேலைக்கு முன்பே கேட்டால் இன்னும் நல்லது. தொடக்கச் சம்பளம் பலரும் எதிர்பார்ப்பதைவிடக் குறைவுதான். இங்கேயே ஒரு திட்டத்தில் ரிசர்ச் அசோசியேட்டாக இருந்தால் மாதம் 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். சில கம்பெனிகளின் முதல் ஆண்டுச் சம்பளம் இதைப் பெரிதாக மிஞ்சாது. வித்தியாசம் நான்காம், ஐந்தாம் ஆண்டில்தான் தெரியும்.

இன்னொன்று. தீசிஸில் இருந்து இன்னும் வெளிவராத பேப்பர்கள் எத்தனை என்று வைவாவுக்கு முன்பே கைடோடு உட்கார்ந்து எண்ணிவிட வேண்டும். கைடு "பாத்துக்கலாம்பா, நீ போயிட்டு வா" என்பார். அவருக்கு அடுத்த மாணவர் வந்திருப்பார், அது அவர் தவறும் அல்ல. கம்பெனியில் சேர்ந்த பிறகு இரவு பத்து மணிக்கு அந்தப் பேப்பரைத் திருத்த உட்கார்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் முடித்தவர்கள் சொற்பம். வேலை உத்தரவு கையில் வந்ததும், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், "முனைவர் ஆய்வில் செய்த இன்னின்ன வேலைகள் பழைய பல்கலைக்கழகத்தின் முகவரியில் வெளிவரும்" என்று மனிதவளத் துறைக்கு ஒரு கடிதம் எழுதி, தலைப்புகளைப் பட்டியலிட்டு, ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். சேர்வதற்கு முன் கேட்டால் அது ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை. சேர்ந்து ஆறு மாதம் கழித்துக் கேட்டால் சட்டப் பிரிவு வரைக்கும் போகும்.